"யோசிக்காதீங்க" என்று சொல்வதற்குப் பதிலாக நேரம் குறித்துக் கொடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம்ம ஊரில் மனசுக்குள் ஒரு பாரத்தோடு யாராவது வந்து பேசினால் அவருக்குக் கிடைக்கின்ற முதல் மருந்து ஒரே வார்த்தைதான்: "யோசிக்காதீங்க." பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு வரவில்லை, யோசிக்காதீங்க. வெளிநாட்டில் இருக்கிற கணவரின் போன் வேலை செய்யவில்லை, யோசிக்காதீங்க. அடகு வைத்த நகைக்குத் தவணை வந்துவிட்டது, அதற்கும் யோசிக்காதீங்க. சொல்பவருக்கு நல்ல மனசுதான். ஆனால் கேட்பவருக்கு இனி இரண்டு வேலை. ஒன்று, ஏற்கெனவே இருக்கின்ற யோசனை. மற்றது, அந்த யோசனை வராமல் காலையிலிருந்து இரவு வரை அதோடு மல்லுக்கட்டுவது.

இந்த மல்லுக்கட்டு ஏன் தோற்கிறது என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை இருக்கிறது. 1987ஆம் ஆண்டு டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும் மாணவர்கள் சிலரை உட்கார வைத்து, "ஐந்து நிமிடத்துக்கு ஒரு வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்கக்கூடாது, நினைவு வந்தால் மணியை அடியுங்கள்" என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த ஐந்து நிமிடம், "இப்போது கரடியைப் பற்றித் தாராளமாக நினைக்கலாம்" என்றார்கள். முதலில் தடுக்கப்பட்டிருந்த இந்த மாணவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிடக் கரடி நினைவு கூடுதலாக வந்தது. காரணம் விளங்கக்கூடியதுதான். ஒன்றை நினைக்காமல் இருக்கிறோமா என்று பார்ப்பதற்கே அதை ஒரு தடவை நினைக்க வேண்டியிருக்கிறது.

கரடிக்கே இந்தப் பாடு என்றால், மகளின் எதிர்காலத்தை "நினைக்காதே" என்று ஒரு தாயிடம் சொன்னால் என்ன நடக்கும்?

வேறு ஒரு வழி இருக்கிறது. யோசனையைத் தடுக்காமல், அதற்கு ஒரு நேரம் குறித்துக் கொடுப்பது. "உன்னைப் பற்றி யோசிப்பேன், ஆனால் இப்போது இல்லை, பின்னேரம் ஐந்து மணிக்கு" என்று தவணை சொல்வது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது யாரோ சும்மா சொன்ன வார்த்தை அல்ல. 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை ஒழுங்கான முறையாக வெளியிட்டார்கள். இன்று இங்கிலாந்தின் அரச சுகாதார சேவையும் கவலையோடு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறது.

அவர்களுக்கு இந்த எண்ணம் தூக்கமின்மைச் சிகிச்சையிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்து மணிக்கணக்காகப் புரண்டுகொண்டிருப்பவருக்கு, நாளாக ஆக, படுக்கையைக் கண்டாலே விழிப்பு வரும். மூளை அந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். அதனால் தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், வராவிட்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள் என்று சொல்லி அந்த முடிச்சை அவிழ்ப்பார்கள். யோசனையும் அப்படித்தான். சமைக்கும்போதும், பஸ்ஸிலும், தொழுகையிலும், படுக்கையிலும் யோசித்தால், அந்த இடம் ஒவ்வொன்றும் யோசனையை வரவழைக்கின்ற இடமாக மாறிவிடுகிறது. ஒரே நேரம், ஒரே இடம் என்று கட்டிவிட்டால் மற்ற இடங்கள் மெல்ல மெல்ல விடுபடும்.

முறையில் நான்கு படிகள்தான். யோசனை ஆரம்பிக்கும்போதே "இது யோசனை" என்று பிடிப்பது. தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வருவதை அந்த நேரத்துக்குத் தள்ளிவிட்டுக் கையில் இருக்கிற வேலைக்குத் திரும்புவது. குறித்த நேரம் வந்ததும் உண்மையாகவே உட்கார்ந்து யோசிப்பது. பதினைந்து, இருபது நிமிடம் ஒதுக்குபவர்களும் உண்டு. நீளத்தைவிட ஒழுங்கு முக்கியம்.

இதை வாயால் சொல்வது லேசு. ஒருவர் செய்தபோது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு ராத்தா. அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். கணவர் கட்டாரில் சாரதி. மூத்த மகள் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். ராத்தா வீட்டில் தையல் செய்பவர். "டீச்சர், தச்ச தையலையே பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறன். மனசு ஒரு இடத்துல நிக்குதில்ல" என்றார். தொழுகைக்குக் கை கட்டினால் உடனே யோசனை வந்து நிற்கிறது என்பது அவருடைய பெரிய கவலை.

முதலில் நேரம் பார்த்தோம். அஸர் தொழுது, தேநீர் குடித்து முடித்து, மஃரிபுக்கு முன்னால் ஐந்து மணி முதல் ஐந்து இருபது வரை. இரவு வேண்டாம் என்பது கட்டாயம். படுக்கப் போகும் நேரத்தில் யோசனையைக் கிளறினால் அது கூடவே வந்து படுக்கும். அடுத்தது இடம். படுக்கையறை கூடாது, தையல் மெஷின் கதிரை கூடாது, தொழுகை விரிப்பும் கூடாது. முடிச்சை எங்கே அவிழ்க்க வேண்டுமோ அங்கேயே போய்க் கட்டுவதாகிவிடும். கிணற்றடிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பழைய பிளாஸ்டிக் கதிரை சரி என்று முடிவானது. மகளின் பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த தாள்களும் ஒரு பேனையும் போதுமாக இருந்தது.

பகலில் யோசனை வரும்போது செய்ய வேண்டியது ஒரே ஒரு வரி எழுதுவது. "நகை." "றிசல்ட்." அவ்வளவுதான். விளக்கம் எழுதக் கூடாது, எழுதினால் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடுவோம். எழுதிவிட்டு, "அஞ்சு மணிக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கையில் இருக்கிற துணியைப் பார்க்க வேண்டும். அதன் நிறம், ஊசி ஓடுகிற கோடு, மெஷின் சத்தம். திரும்ப வந்தால் திரும்ப ஒரு வரி. கோபப்படத் தேவையில்லை. வருவது குற்றமில்லை, வந்ததை உட்கார வைத்து விருந்து கொடுப்பதுதான் நேரத்தைத் தின்கிறது.

முதல் நாள் கொப்பியில் 23 வரி. ஐந்து மணிக்குக் கதிரையில் உட்கார்ந்து போனில் இருபது நிமிட அலாரம் வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தால், 23 வரியிலும் ஐந்தே விடயங்கள்தான் இருந்தன. மகளின் பெறுபேறு ஒன்பது தடவை. நகை ஆறு தடவை. கணவரின் போன் நான்கு. மழை தொடங்கினால் ஒழுகப் போகிற குசினிக் கூரை மூன்று. யாரோ ஒரு சொந்தக்காரி கலியாண வீட்டில் சொன்ன ஒரு சொல், ஒரு தடவை. "நான் நூறு கவலை இருக்கெண்டு நினைச்சன் டீச்சர், அஞ்சுதான் இருக்கு" என்றார். எழுதிப் பார்த்த பலருக்கும் இப்படித்தான் வரும். யோசனை புதிதாக எதையும் கொண்டுவருவது குறைவு. ஒரே கேள்வியை வேறு வேறு உடுப்பில் திரும்பத் திரும்பக் கொண்டுவரும்.

பிறகு ஒவ்வொன்றாக ஒரு கேள்வி: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நகைக்கு இருந்தது. அடகுத் துண்டை அவர் பல நாளாக எடுத்துப் பார்க்கவே இல்லை, பார்க்கப் பயம். எடுத்துப் பார்த்தால் தவணைக்கு இன்னும் 18 நாள். "நாளைக்குக் காலை ஒன்பதரைக்குப் போய், வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க ஏலுமா என்று கேட்பது" என்று எழுதினார். என்ன, எப்போது, யாரிடம் என்ற மூன்றும் அந்த ஒரே வரியில் இருந்தன. கூரைக்கும் ஒரு வரி: மேசன் வேலை தெரிந்த மச்சானிடம் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொல்வது. கணவரின் போனுக்கு, அவர் வேலை முடிகிற நேரத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு செய்தி, வேலையில் இருக்கும்போது பதில் வராது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்வது.

பெறுபேற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. பரீட்சை எழுதி முடிந்தது, இசட் புள்ளி இவர் கையில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் முறையைத் தவறாக விளங்குகிறார்கள். செய்ய ஒன்றுமில்லாத யோசனையை அந்த இருபது நிமிடத்தில் விரட்டக் கூடாது. தாராளமாக யோசிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன, அதற்குப் பிறகு என்ன, அதற்கும் பிறகு என்ன என்று கடைசி வரை போக வேண்டும். ராத்தா போய்ப் பார்த்தார். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, இரண்டாம் முறை எழுதுவது என்ற இடங்களில் போய் நின்றது. கவலை போகவில்லை. ஆனால் "என்ன நடக்குமோ" என்ற இருட்டு, மூன்று வாசல் உள்ள ஒரு அறையாக மாறியது.

சொந்தக்காரி சொன்ன சொல்லைப் பின்னேரம் படித்தபோது ராத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலையில் நெஞ்சை எரித்தது ஐந்து மணிக்கு ஆறிப்போயிருந்தது. தள்ளிப்போடுவதன் பலனில் பாதி இதுதான். யோசனைக்குச் சூடு வந்த நேரத்தில்தான் வலிமை, காத்திருக்க வைத்தால் பலது தானாகவே தணிந்துவிடும். கொப்பியில் மிச்சமில்லை என்றால் இருபது நிமிடத்தையும் நிரப்ப வேண்டும் என்றில்லை, மூடிவிட்டு எழும்பலாம்.

அலாரம் அடித்ததும் எழும்ப வேண்டும். இது முக்கியம். முடியாதது நாளைக்கு. எழும்பிய கையோடு உடம்பை அசைக்கிற ஒரு வேலை வைத்துக்கொள்வது நல்லது. ராத்தா கோழிகளை அடைக்கப் போவார்.

நான்காம் நாள் குழம்பியது. விருந்தாளிகள் வந்ததால் ஐந்து மணி தவறிவிட்டது. அன்றிரவு இரண்டு மணிக்கு முழிப்பு, ஐந்து யோசனையும் வரிசையில் நின்றன. இது ஏன் என்று யோசித்தால் முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று விளங்கும். மனசு ஒரு கடன்காரரைப் போல. "பின்னேரம் வாங்க, தாறன்" என்று சொன்னால், சொன்ன நேரத்துக்குக் கொடுப்பவரை நம்பிக் காத்திருப்பார். ஒரு தடவை ஏமாற்றினால், அடுத்த தடவை வாசலிலேயே குந்திவிடுவார். தவணை சொல்வதற்கு வலிமை தருவது, தவணையைக் காப்பாற்றுவதுதான். நேரம் தவறினால் அன்றைக்கே வேறு ஒரு நேரத்துக்கு, பத்து நிமிடமாவது உட்கார வேண்டும்.

இரவு முழிப்பு வந்தால் கட்டிலில் கிடந்து தீர்க்கப் பார்க்க வேண்டாம். போனையும் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு சொல் எழுதிவிட்டு, "நாளைக்கு அஞ்சு மணிக்கு" என்று விட்டுவிடுவது. அதற்கும் தூக்கம் வராவிட்டால் எழும்பி வேறு அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தூக்கம் வரும்போது படுப்பது.

இரண்டாம் வாரம் முடியும்போது ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு வரி என்று இறங்கியிருந்தது. பூச்சியமாகவில்லை, ஆகவும் தேவையில்லை. தைத்ததைப் பிரிப்பது குறைந்துவிட்டது என்றார். அதைவிடப் பெரியது இன்னொன்று. "வந்தா நிப்பாட்டவே ஏலாது எண்டு இருந்தன். இப்ப நில் எண்டா நிக்குது" என்றார். யோசனையைவிட மனிதரை ஒடிப்பது, "இது என் கையை மீறிப்போய்விட்டது" என்ற பயம்தான். ஒரு தடவையாவது தள்ளிவைத்துப் பார்த்தவருக்கு அந்தப் பயம் உடைகிறது.

முறை பிழைத்துப் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று அடையாளம் சொல்கிறேன். ஒன்று, இருபது நிமிடம் ஒரு மணித்தியாலமாக நீளுவது. அப்படியென்றால் தாளில் எழுதாமல் சும்மா உட்கார்ந்து யோசிக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு, அந்த நேரத்தில் போனில் தேடுவதும், நாலு பேரிடம் வாட்ஸ்அப்பில் "ஒன்றும் ஆகாதுதானே" என்று கேட்பதும். அந்த ஆறுதல் கொஞ்ச நேரம்தான் தாங்கும், திரும்பவும் கேட்கச் சொல்லும். மூன்று, பகலில் தள்ளிவைக்கிறோம், பின்னேரம் உட்காருவதே இல்லை என்பது. அது ஒத்திவைப்பு அல்ல, "யோசிக்காதீங்க" என்ற பழைய மருந்தையே புதுப் போத்தலில் ஊற்றிக் குடிப்பது.

எல்லாவற்றையும் தள்ளிவைக்கவும் கூடாது. அந்த முதல் வாரத்திலேயே ராத்தாவின் சின்ன மகனுக்கு இரவு மூச்சு இழுத்தது. அது கொப்பியில் எழுதுகிற விடயமல்ல, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற விடயம், அப்படித்தான் போனார்கள். இப்போதே செய்ய வேண்டிய வேலை இருந்தால் அதை இப்போதே செய்ய வேண்டும். இப்போது செய்ய ஒன்றும் இல்லாமல் தலைக்குள் மட்டும் சுற்றுவதற்குத்தான் ஐந்து மணி.

மௌத்தின் துக்கத்துக்கும் இந்த முறை பொருந்தாது. அழுகைக்கு நேரம் குறிக்க முடியாது, குறிக்கவும் வேண்டாம். சுனாமி, வெடிப்பு, விபத்து என்று கண்ணால் கண்ட பயங்கரம் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும், சாப்பாடு தூக்கம் இரண்டும் போய் எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பவர்களுக்கும் கொப்பி போதாது. அனேகமான நாட்களில் கவலை, அது ஆறு மாதமாக நீடிக்கிறது, வேலையையும் உடம்பையும் பாதிக்கிறது என்றாலும் வைத்தியரிடம் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால், அதை ஐந்து மணி வரைக்கும் ஒருபோதும் தள்ளிவைக்கக் கூடாது. அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "யோசனை வருவது ஈமான் குறைவு, தவக்குல் வைத்தால் போதும்" என்று சிலர் சொல்வார்கள். தவக்குல் வைப்பதைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அடகுத் துண்டைப் பார்க்கப் பயந்து அலுமாரிக்குள் வைத்திருப்பது தவக்குல் ஆகாது. அந்த ராத்தா துண்டை எடுத்துப் பார்த்தார், செய்ய வேண்டியதைச் செய்தார், தன் கையில் இல்லாததை எது என்று அடையாளம் கண்டார். அதற்குப் பிறகு ஒப்படைப்பது அவருக்கு லேசாக இருந்தது. கவலையோடு வருகிறவரிடம் ஈமானை அளந்து பேசினால், அவருக்கு ஆறாவதாக இன்னொரு கவலையைக் கொடுத்து அனுப்புகிறோம்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பரீட்சை கிட்ட வரும்போது பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "பயப்படாதே" என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். படிக்கிற கொப்பிக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசியை வைக்கச் சொல்லுங்கள். "கணிதம் பெயில் ஆனால்?" என்று வந்தால் "கணிதம்" என்று ஒரு சொல் எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பட்டும். பின்னேரம் பத்து நிமிடம் வாப்பாவோ உம்மாவோ கூட உட்கார்ந்து அந்தத் துண்டைப் படியுங்கள். அங்கே புத்தி சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். எந்தப் பாடம், எந்த அலகு, யாரிடம் கேட்கலாம் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் அனேகமாகப் பிள்ளையின் வாயிலிருந்தே வரும்.

ஆகவே உறவுகளே, நான் கேட்பது ஒரு சின்ன மாற்றம். அடுத்த தடவை ஒருவர் உங்களிடம் மனசைத் திறந்தால் "யோசிக்காதீங்க" என்ற அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, "எத்தின மணிக்கு யோசிப்பம்? நானும் வந்து இருக்கிறன்" என்று கேட்டுப் பாருங்கள். சொன்ன நேரத்துக்குக் கட்டாயம் போங்கள்.